அதிகாரபூர்வ கணக்கில் பதிவுகளை நீக்குதலும் பதிவேடு பேணலும்: உள்ளக விதிகள்

இவ்விதிகள் ஹட்டன் அலுவலகத்துக்கும் நுவரெலியா விற்பனை நிலையத்துக்கும் தோட்டங்களிலிருந்து படம் அனுப்புவோருக்கும் உரியவை. எமது தேயிலையின் பெயரில் பேஸ்புக்கிலோ இன்ஸ்டகிராமிலோ வெளியான எதுவும் நிறுவன ஆவணம். பிழையாகப் போட்டதும் ஆவணமே.

1. எழுத்துப்பிழையையும் விலைப்பிழையையும் திருத்துங்கள், நீக்க வேண்டாம். பழைய விலையையும் திருத்திய நேரத்தையும் பின்னூட்டத்தில் எழுதுங்கள். அதற்கு முன் ஓடர் தந்தவருக்குப் பழைய விலையே.

2. அனுமதியில்லாத ஆள் படம், வாடிக்கையாளரின் தொலைபேசி இலக்கம், படத்துக்குள்ளேயே பொறித்துவிட்ட பிழையான தேயிலை விபரம் ஆகியவற்றை நீக்கலாம். 4,000 அடிக்குக் கீழ் விளைந்த தேயிலைக்கு 'உயர்நிலம்' என்று போட்டிருந்தால் அது மூன்றாவது வகை.

கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் தன் படத்தை நீக்கச் சொன்னால் காரணம் கேட்காதீர்கள். அன்றைக்கே நீக்குங்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சம்மதத்தை மீளப்பெறுவது அவரது உரிமை. பதிவேட்டுப் பிரதியிலும் அவர் முகத்தை மறைக்க வேண்டும்.

3. 'தேயிலையில் பூஞ்சணம்' என்று ஒருவர் எழுதியதை நீக்கக் கூடாது. பதில் எழுதுங்கள், பைக்கெற்றின் தொகுதி இலக்கத்தைக் கேளுங்கள். தூஷணத்தை மட்டும் மறைக்கலாம், பிரதி எடுத்த பிறகு.

4. நீக்கினால் பதிவோடு பின்னூட்டங்களும் போய்விடும். எனவே முதலில் கட்டண விளம்பரம் ஓடினால் நிறுத்துங்கள். பின்னூட்டங்களை `All comments` என மாற்றி, மடிந்திருக்கும் பதில்களையும் விரியுங்கள். இதை மறந்தால் பிரதியில் பாதிதான் இருக்கும். '2 மணி நேரம் முன்' என்பது திகதி ஆகாது: கணினியில் நேரத்தின் மேல் சுட்டியை வைத்து முழுத் திகதியோடு திரையைப் படமாகப் பிடியுங்கள். இணைப்பு முகவரி, மூலப்படம், நீக்கக் காரணம், நீக்கியவர் பெயர், இலங்கை நேரம் எல்லாம் ஒரே கோப்புறையில். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கித் தெளிவு கெடும்; ஆவணமாக அனுப்புங்கள். பிறகு கோப்பின் கைரேகையை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டுங்கள்:

```
certutil -hashfile pathivu-0187.pdf SHA256
```

பின்னர் ஒரு எழுத்து மாறினாலும் இந்த இலக்கம் மாறிவிடும். கோப்பில் யாரும் கைவைக்கவில்லை என்று காட்ட இதுவே வழி.

5. நீக்குவதற்குச் சந்தைப்படுத்தல் முகாமையாளரும் இணக்கப்பாட்டு உத்தியோகத்தரும் எழுத்தில் ஒப்ப வேண்டும். இரவில் அவசரமென்றால் கடமையிலுள்ளவர் `Archive` செய்யலாம். காலை 9 மணிக்குள் இருவருக்கும் அறிவிக்க வேண்டும். இன்ஸ்டகிராமில் நீக்கிய பதிவு 30 நாள் மீட்கத்தக்கதாக இருக்கும். அதை நம்பிப் பிரதி எடுக்காமல் விடாதீர்கள்.

6. வக்கீல் கடிதமோ நுகர்வோர் அதிகாரசபை முறைப்பாடோ வந்த விடயத்தில் எந்தப் பதிவையும் தொடக்கூடாது. ஆள் படமானால் பிரதி எடுத்து `Archive` மட்டும் செய்யுங்கள்.

7. கோப்புறைகளை 6 ஆண்டுகள் வைத்திருப்போம். ஒரு பிரதி ஹட்டன் சேவையகத்தில், மற்றது கண்டி அலுவலகத்து வன்தட்டில். ஒவ்வொரு காலாண்டும் ஐந்து கோப்புகளைத் திறந்து கைரேகை ஒத்துப்போகிறதா எனப் பார்க்க வேண்டும்.