பணி நியமனக் கடிதம்: பொது மேலாளர், சாயப் பிரிவு

திருப்பூர்
9 மார்ச் 2026

திரு. மு. கார்த்திகேயன் அவர்களுக்கு,
சூரத்

வணக்கம்.

பிப்ரவரியில் இரண்டு முறை நேரில் வந்து பேசினீர்கள். இரண்டாவது முறை வந்தபோது அலுவலகத்தில் உட்காருவதற்கு முன்பே சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், எவாப்பரேட்டர் பக்கத்தில் அரை மணி நேரம் நின்று ஆபரேட்டரிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தீர்கள். உங்களைத்தான் எடுக்க வேண்டும் என்று நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன். எங்கள் சாயப் பிரிவின் பொது மேலாளராக உங்களை நியமிக்க விரும்புகிறோம். சம்பளம், தகுதிகாண் பருவம், நோட்டீஸ் காலம், நிபந்தனைகள் எல்லாவற்றையும் இந்தக் கடிதத்தில் எழுதியிருக்கிறேன். வாய்மொழியாகப் பேசியதற்கும் இதற்கும் வேறுபாடு இருந்தால் இதில் உள்ளதே செல்லும். அதனால் விட்டுப்போனது ஏதாவது இருந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

கடிதம் நீளமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. இதற்கு முன் இந்தப் பொறுப்பில் இருந்தவருக்கு நாங்கள் கொடுத்த ஆர்டர் ஒரே பக்கம்தான். நோட்டீஸ் பற்றி அதில் ஒரு வரி, ஊக்கத்தொகை பற்றி அதுவும் இல்லை. எட்டு வருடம் நன்றாக வேலை செய்தவர், கடைசி மாதம் கணக்கு முடிக்கும்போது மனக்கசப்போடு போனார். தவறு எங்களுடையது. அது மறுபடி நடக்கக் கூடாது.

பொறுப்பு

நாளொன்றுக்குச் சராசரியாக 12 டன் பின்னல் துணிக்குச் சாயம் ஏற்றும் 14 சாஃப்ட் ஃப்ளோ மெஷின்கள், லேப், ஃபினிஷிங், பாய்லர், சுத்திகரிப்பு நிலையம், இவற்றில் வேலை செய்யும் 180 பேர், எல்லாம் உங்கள் பொறுப்பு. நேரடியாக என்னிடம் மட்டும் பேசினால் போதும். மெர்ச்சண்டைசிங் ஆட்கள் ஷிப்மென்ட் அவசரத்தில் உங்களுக்கு உத்தரவு போட முடியாது. கோரிக்கை வைக்கலாம், அவ்வளவுதான்.

இந்தக் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமான பத்தி இனி வருவது. ஆர்.ஓ. அல்லது எவாப்பரேட்டர் பழுதாகி, கழிவுநீர்த் தொட்டி நிரம்பும் நிலை வந்தால், யாரையும் கேட்காமல் மெஷின்களை நிறுத்தும் அதிகாரம் உங்களுக்கு உண்டு. நிறுத்திய பிறகு எனக்கு ஒரு போன் செய்தால் போதும். அப்படி நிறுத்தியதால் தாமதமாகும் ஆர்டர், விமானத்தில் அனுப்ப நேரும் செலவு, எதுவும் உங்கள் ஊக்கத்தொகையிலோ மதிப்பீட்டிலோ கழிக்கப்படாது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது என் அப்பாவின் பட்டறையும் மூடியது. மூட்டை முடிச்சோடு பஸ் ஏறிய தொழிலாளர்களின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நொய்யலுக்கு ஒரு சொட்டு சாயத் தண்ணீர்கூடப் போகக் கூடாது என்பது சட்டம் மட்டுமல்ல, இந்த ஊரில் தொழில் செய்கிறவன் பட்ட கடன்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போகும் அறிக்கைகளில் என் கையெழுத்து இருக்கும். உங்கள் பணி தொடர்பாக உங்கள் பேரில் வழக்கோ நோட்டீஸோ வந்தால், வக்கீல் செலவை நிறுவனம் ஏற்கும். தெரிந்தே செய்த தவறுக்கு மட்டும் இது பொருந்தாது.

சம்பளம்

அடிப்படைச் சம்பளம் மாதம் ரூ. 1,25,000. வீட்டு வாடகைப் படி ரூ. 50,000. சிறப்புப் படி ரூ. 45,000. ஆக மொத்தச் சம்பளம் மாதம் ரூ. 2,20,000.

வருங்கால வைப்பு நிதிக்கு அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம், அதாவது ரூ. 15,000, உங்களிடமிருந்து பிடிப்போம். அதே ரூ. 15,000-ஐ நிறுவனமும் போடும். 15,000 ரூபாய் உச்சவரம்புச் சம்பளத்துக்கு மட்டும் கணக்கிட்டு நிறுத்தாமல் முழு அடிப்படைச் சம்பளத்துக்கும் கட்டுகிறோம். உங்கள் பங்கைக் கழித்தால் கைக்கு வருவது ரூ. 2,05,000. இதிலிருந்து வருமான வரி மாதாமாதமும், தொழில் வரி ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் பிடிக்கப்படும். வரிக்கு எந்த முறையைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதைச் சேர்ந்த முதல் மாதமே கணக்குப் பிரிவில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

நிறுவனத்தின் வைப்பு நிதிப் பங்கையும் சேர்த்தால் ஆண்டுக்கு ரூ. 28,20,000. இதற்கு மேல் ஊக்கத்தொகை ஆண்டுக்கு அதிகபட்சம் ரூ. 3,60,000. இரண்டும் சேர்ந்து ரூ. 31,80,000. கிராஜுவிட்டியை இந்தத் தொகைக்குள் நாங்கள் சேர்க்கவில்லை. பல இடங்களில் அதையும் சி.டி.சி.க்குள் போட்டுக் காட்டுவார்கள். ஐந்து வருடம் முடித்தால்தான் கைக்கு வரும் பணத்தை இன்றைய சம்பளமாகக் காட்டுவது சரியில்லை என்பது என் கருத்து. சட்டப்படி அது தனியாக உண்டு: இன்றைய அடிப்படைச் சம்பளத்தில் ஒரு வருடப் பணிக்கு 15 நாள் ஊதியம், மாதத்தை 26 நாளாக வகுத்தால் ரூ. 72,115.

ஊக்கத்தொகையில் பாதி, முதல் முறையிலேயே ஷேடு சரியாக வரும் லாட்டுகளின் அளவைப் பொறுத்தது. இப்போது 100 லாட்டில் 84 சரியாக வருகிறது, மீதி ரீ-டையிங் போகிறது. 90-ஐத் தொட்டால் அந்தப் பாதி முழுதாகக் கிடைக்கும். 84-க்கும் 90-க்கும் நடுவில் இருந்தால் விகிதப்படி. மறுபாதியில் சரிசமமாக இரண்டு பங்கு: ஒரு கிலோ துணிக்கு வாங்கும் புதுத் தண்ணீரைக் குறைப்பது ஒன்று, தொழிலாளர் பாதுகாப்பு மற்றொன்று. தண்ணீருக்கான இலக்கைச் சேர்ந்த 60 நாளுக்குள் இருவரும் உட்கார்ந்து எழுதிக்கொள்வோம். பாதுகாப்பில் கணக்கு எளிது. கெமிக்கல் ஸ்டோரிலோ பாய்லரிலோ உயிரிழப்பு நேர்ந்தால் அந்த ஆண்டு அந்தப் பங்கு கிடையாது, எனக்கும் கிடையாது. ஊக்கத்தொகை ஏப்ரல் முதல் மார்ச் வரை கணக்கிட்டு மே மாதச் சம்பளத்தோடு தரப்படும். நடுவில் விலகினால் வேலை செய்த மாதங்களுக்கு விகிதப்படி உண்டு.

சம்பளம் அந்தந்த மாதக் கடைசி வேலை நாளில் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். முதல் சம்பள உயர்வு 2027 ஏப்ரலில்.

குடும்பத்துக்கு ரூ. 7 லட்சம் மருத்துவக் காப்பீடு உண்டு. அம்மாவையும் சேர்க்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள், சேர்த்தாகிவிட்டது. சூரத்திலிருந்து குடிபெயர ரூ. 1,50,000 தருகிறோம். 12 மாதத்துக்குள் நீங்களாக விலகினால், மீதமுள்ள மாதங்களுக்கான பங்கை மட்டும் திருப்பித் தர வேண்டும். வீடு கிடைக்கும்வரை 30 நாள் எங்கள் விருந்தினர் இல்லத்தில் தங்கிக்கொள்ளலாம்.

சேரும் நாளும் தகுதிகாண் பருவமும்

இப்போதைய இடத்தில் உங்களுக்கு 90 நாள் நோட்டீஸ் என்பது தெரியும். 15 ஜூன் 2026, திங்கட்கிழமை சேர வேண்டும். விடுவிப்பதில் அவர்கள் தாமதித்தால் ஜூலை 1 வரை காத்திருக்கிறோம், அதற்குமேல் என்றால் பேசி முடிவு செய்யலாம். அங்கே ஒப்படைப்பைப் பாதியில் விட்டுவிட்டு வர வேண்டாம்.

தகுதிகாண் பருவம் ஆறு மாதம், 14 டிசம்பர் 2026 வரை. மூன்றாவது மாத முடிவில் எது நன்றாக இருக்கிறது, எது இல்லை என்று எழுத்தில் தருவேன். திருத்திக்கொள்ள நேரம் இருக்கும்போதே தெரிய வேண்டும் அல்லவா? தேவையானால் ஒரே ஒரு முறை, அதிகபட்சம் மூன்று மாதம், காரணத்தை எழுதிக் கொடுத்து நீட்டிப்போம். டிசம்பர் 14-க்குள் எந்தக் கடிதமும் வரவில்லை என்றால் மறுநாளிலிருந்து நீங்கள் நிரந்தரம். தனி ஆர்டருக்காக அலைய வேண்டியதில்லை. இந்த ஆறு மாதத்திலும் சம்பளம், காப்பீடு, விடுப்பு எதிலும் குறைவு இருக்காது.

நோட்டீஸ் காலம்

தகுதிகாண் பருவத்தில் 30 நாள். நிரந்தரமான பிறகு 90 நாள். நீங்கள் விலகினாலும் நாங்கள் விடுவித்தாலும் இதே கணக்குத்தான். நோட்டீஸைக் குறைக்க விரும்பும் தரப்பு, குறையும் நாட்களுக்கு மொத்தச் சம்பளக் கணக்கில் பணம் தர வேண்டும். சேர்ந்திருக்கும் ஈட்டிய விடுப்பை நோட்டீஸ் நாட்களில் கழித்துக்கொள்ளலாம். நாங்கள் உங்களை உடனே வர வேண்டாம் என்று சொன்னால் அந்த நாட்களுக்கும் முழுச் சம்பளம் உண்டு. கடைசி நாளிலிருந்து இரண்டு வேலை நாளுக்குள் சம்பள பாக்கியும், அதே நாளில் அனுபவச் சான்றும் தருவோம்.

நோட்டீஸ் இல்லாமல் விடுவிப்பது மூன்று காரணங்களுக்கு மட்டும்: சாயம், கெமிக்கல் சப்ளையரிடம் கமிஷன் வாங்குவது, கழிவுநீர் ஃப்ளோ மீட்டர் கணக்கை மாற்றுவது அல்லது பைபாஸ் லைன் போடுவது, பெண் தொழிலாளர்களிடமோ வேறு யாரிடமோ பாலியல் சீண்டல். இதிலும் விசாரணை நடத்தி, உங்கள் பதிலைக் கேட்ட பிறகே முடிவு.

மற்ற நிபந்தனைகள்

இந்த நியமனம் உங்கள் சான்றிதழ்களும் முந்தைய பணி விவரங்களும் சரியாக இருப்பதைப் பொறுத்தது. அசலைக் காட்டிவிட்டுக் கையோடு எடுத்துச் செல்லுங்கள், யாருடைய அசல் சான்றிதழையும் நாங்கள் வாங்கி வைப்பதில்லை. நீங்கள் அங்கே ராஜினாமா கொடுத்துவிட்டேன் என்று சொல்லும்வரை அந்த நிறுவனத்தில் யாரிடமும் விசாரிக்க மாட்டோம். சேருவதற்கு முன் மருத்துவப் பரிசோதனை உண்டு, செலவு எங்களுடையது.

இங்கே உருவாக்கும் ஷேடு ரெசிப்பிகளும் பையர் விவரங்களும் நிறுவனத்தின் சொத்து, விலகிய பிறகும் வெளியே போகக் கூடாது. அதேபோல் இப்போதைய நிறுவனத்தின் ரெசிப்பி எதையும் இங்கே கொண்டுவராதீர்கள். விலகிய பின் வேறு சாயப்பட்டறையில் சேரக் கூடாது என்ற நிபந்தனை இதில் இல்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவின்படி அது செல்லாது. செல்லாததை எழுதி ஒருவரைப் பயமுறுத்துவதில் எனக்கு விருப்பமும் இல்லை.

வேலை நேரம் காலை 9 முதல் மாலை 6 வரை, ஞாயிறு விடுமுறை. இரவு ஷிப்டில் பழுது என்றால் போன் வரும், அதை மறைக்க விரும்பவில்லை. இரவில் வந்து நின்றால் மறுநாள் மதியம் வந்தால் போதும். ஆண்டுக்கு ஈட்டிய விடுப்பு 18 நாள், தற்செயல் விடுப்பு 12 நாள், பண்டிகை மற்றும் தேசிய விடுமுறை 9 நாள். தீபாவளிக்கு ஆலை ஆறு நாள் மூடும். தொட்டிகளைச் சுத்தம் செய்வதும் பாய்லர் வேலையும் அப்போதுதான் நடக்கும், அதில் ஒரு நாள் மட்டும் நீங்கள் இருக்க வேண்டும். ஆள் தொட்டிக்குள் இறங்குவதற்கு முன் வாயுப் பரிசோதனை செய்தாயிற்றா என்று நீங்களே நேரில் பார்க்க வேண்டும்.

இந்த வாய்ப்பு 20 மார்ச் 2026, வெள்ளிக்கிழமை மாலை 6 மணி வரை உங்களுக்காகக் காத்திருக்கும். வீட்டில் கலந்து பேசுங்கள். பிள்ளைகளின் பள்ளி பற்றிக் கேட்க வேண்டுமென்றால் என் மனைவியிடமே பேசலாம், அவருக்கு இந்த ஊர்ப் பள்ளிகள் எல்லாம் அத்துப்படி. சம்மதம் என்றால் இரண்டு பிரதிகளிலும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டு ஒன்றை அனுப்பிவிட்டு, மற்றதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 15 காலை எட்டரைக்குச் சாயப் பிரிவின் கேட்டுக்கே வந்துவிடுங்கள். இரவு ஷிப்ட் ஆட்கள் கிளம்புவதற்கு முன் அவர்களிடம் உங்களை அறிமுகப்படுத்த வேண்டும்.

அன்புடன்,
நிர்வாக இயக்குநர்

ஏற்பு: மேலே உள்ள சம்பளம், தகுதிகாண் பருவம், நோட்டீஸ் காலம், நிபந்தனைகள் அனைத்தையும் படித்துப் புரிந்துகொண்டேன். 15 ஜூன் 2026 அன்று பணியில் சேரச் சம்மதிக்கிறேன்.
மு. கார்த்திகேயன்