இதழ் வேலை: விட்ட இடத்திலிருந்து தொடங்க

அன்புள்ள அக்கா,

குழந்தையும் நீங்களும் நலம்தானே? திங்கள்கிழமையிலிருந்து ராத்திரி ஒரு மணி நேரம் உட்கார முடியும் என்று நீங்கள் சொன்னதும் எனக்குப் பெரிய நிம்மதி. நாலு மாதத்தில் குழுவில் 600 செய்திக்கு மேல் சேர்ந்துவிட்டது. அதில் போய்த் தேட வேண்டாம், தேவையானதை எல்லாம் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு மாற்றம். ஐயா நடத்திய காலாண்டிதழின் 38 இதழ்களையும் (1996 முதல் 2007 வரை) யூனிகோடுக்கு மாற்றி இணையத்தில் ஏற்றுவது என்றுதான் ஆரம்பித்தோம். புரட்டாசிக்குப் பிறகு அவருக்குக் கண் ரொம்பவே மங்கிவிட்டது. போன் வாசித்துக் காட்டினால் கேட்டுக்கொள்கிறேன் என்கிறார். பழைய கோப்பு ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்பது போனுக்கு `mk;kh`. எம், கே என்று அது ஆங்கில எழுத்துகளாக உளறியதும் ஐயா போனை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அதனால் தை மாதம் அவருடைய 80ஆவது பிறந்தநாளுக்கு 38 இதழும் அவர் காதில் ஒழுங்காக விழ வேண்டும். இப்போது அதுதான் இலக்கு. இணையம் பிறகு.

இன்றைய நிலவரம்: 22 இதழ்கள் மாற்றியாயிற்று, அதில் 9 மெய்ப்பும் பார்த்தாயிற்று. 5, 6ஆம் இதழ்களின் பிளாப்பி திறக்கவே இல்லை. அச்சுப் பிரதியைப் பார்த்துத் தட்டச்சு செய்கிறோம், பாதி முடிந்தது.

முடிவானவை. பேஜ்மேக்கரிலிருந்து வெறும் எழுத்துக் கோப்பாக எடுப்பதில்லை, ஆர்.டி.எஃப்.பாகத்தான் எடுக்கிறோம். எந்த வரி எந்த எழுத்துருவில் இருந்தது என்ற விவரம் அதில்தான் தங்குகிறது. முன்பு அது தொலைந்ததால், கட்டுரைக்குள் வந்த ஆங்கிலப் பெயர்களையும் நிரல் தமிழாக்கிக் குப்பையாக்கியது. இரண்டாவது, நீண்ட சேர்க்கையை முதலில் மாற்றுவது. `fh` முந்திக்கொண்டால் `nfh` ‘கொ’ ஆகாமல் தனிக் கொம்பும் ‘கா’வுமாக உடைந்துவிடுகிறது. உங்கள் நிரலில் இந்த ஒரு வரி மட்டும் சேர்த்தேன்:

```python
pairs.sort(key=lambda p: len(p[0]), reverse=True)
```

இந்த இரண்டையும் மறுபடி பேச வேண்டியதில்லை. நீங்கள் சொல்ல வேண்டியவை மூன்று இருக்கின்றன.

பெரியது ‘ௌ’. பாமினியில் ஔகாரத்தின் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் ஒரே விசை, `s`. அதற்கு அடுத்துப் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் ளகரம் என்று நிரலே தெரிந்துகொள்ளும். ஒன்றும் வராவிட்டால் அதற்குக் குழப்பம். `nrsf;fpak;` என்றால் ‘சௌக்கியம்’, சரி. ஆனால் கரிசல் கதைகளில் `ntsf;FkhW` வருகிறது. அதை ‘வௌக்குமாறு’ ஆக்கிவிட்டது! இலக்கண நடை மட்டும் இருந்தால் இந்தச் சிக்கல் அவ்வளவாக வந்திருக்காது. ஐயா பேச்சுமொழிக் கதைகளைத் தேடித் தேடிப் போட்டவர், அதனால் பக்கத்துக்குப் பக்கம் வெளக்கும் வெளஞ்சதும்தான். இதுவரை 143 இடங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். ஔகாரச் சொற்களைப் பட்டியல் போட்டு மற்றதெல்லாம் ளகரம் என்று விடலாமா, அல்லது ஒவ்வொன்றையும் ஆள் பார்ப்பதா? பட்டியல் போதும் என்பது என் எண்ணம். ‘கௌதமன்’, ‘பௌர்ணமி’, ‘மௌனம்’ போன்றவை எண்ணிவிடக்கூடியவை. வட்டாரச் சொற்களுக்குத்தான் கணக்கில்லை.

அடுத்தது அச்சுப்பிழை. ‘வந்தது வந்தபடி இருக்கட்டும்’ என்று ஐயா ஒருமுறை சொன்னார். அது கண்ணால் வாசிப்பதை நினைத்துச் சொன்னது. விட்டுப்போன ஒரு புள்ளி கண்ணுக்கு உறுத்தாது, காதில் சொல்லே மாறிவிடும். விசை தவறியதை மட்டும் திருத்திவிட்டு, எழுத்தாளரின் நடையைத் தொடாமல் விடலாமா? ஐயாவிடம் இதை நீங்கள் கேட்டால் நல்லது. நான் கேட்டால் ‘உன் இஷ்டம்’ என்று முடித்துவிடுகிறார்.

மூன்றாவது அனுமதி. எழுதியவர்களில் இரண்டு பேர் இப்போது இல்லை. இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு வரை உரிமை வாரிசுகளுக்கு. ஒருவருடைய மகள் சம்மதித்துவிட்டார். மற்றவர் குடும்பம் எங்கே என்று தெரியவில்லை. ஐயா தன் வீட்டில் வாசிக்கக் கேட்பதற்கு இது தடையில்லை. இணையத்தில் ஏற்றும்போது அவருடைய 4 கதைகளை நிறுத்தி வைப்போம் என்று நினைக்கிறேன். உங்களுக்கு வேறு யோசனை இருந்தால் சொல்லுங்கள்.

திங்களன்று 17ஆம் இதழிலிருந்து தொடங்குங்கள். ‘ௌ’ சந்தேகம் அதில்தான் அதிகம், 31 இடம். மாற்றிய கோப்பையும் அச்சுப் பக்கங்களின் படத்தையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். முதல் கேள்விக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு வரி பதில் போட்டால், 5, 6 நீங்கலாக மீதி 14 இதழ்களுக்கும் நிரலை அன்று இரவே ஓட்டிவிடுவேன்.

அன்புடன்,
தம்பி