வழக்குச் சுருக்கம்: முள்ளியவளைக் காணி – பார்த்துக்கொள்ளச் சொன்னவருக்கு ஆட்சியுரிமை வருமா?

தங்கச்சி, நீ கேட்ட தீர்ப்பின் சுருக்கம் இது. மூலம் 38 பக்கம். அதில் பாதிக்கு மேல் சாட்சிகள் சொன்னதைத் திருப்பிச் சொல்வதுதான், அதையெல்லாம் விட்டுவிட்டேன். ஆட்களின் பெயரும் உனக்குத் தேவையில்லை. வழக்காளி, எதிராளி என்றே எழுதியிருக்கிறேன்.

நீதிமன்றம்: முல்லைத்தீவு மாவட்ட நீதிமன்றம். வழக்கு தாக்கல் 2018 பெப்ரவரி, தீர்ப்பு 2022.
வழக்கின் வகை: காணிக்கு உரித்து வெளிப்படுத்தக் கோரியும் எதிராளியை வெளியேற்றக் கோரியும் போடப்பட்ட உரித்துமீட்பு வழக்கு.

நிகழ்வுகள்

முள்ளியவளையில் ஆறு பரப்பு உறுதிக்காணி. 1986இல் வழக்காளியின் கலியாணத்துக்குத் தாய் எழுதிக்கொடுத்த சீதன உறுதி. 1990 ஆனியில் சண்டை மறுபடி தொடங்கியதும் வழக்காளி குடும்பத்தோடு படகில் இந்தியாவுக்குப் போய் மண்டபம் முகாமில் தங்கினார். போகும்போது சித்தப்பாவின் மகனிடம் காணியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனதாக அவர் சொல்கிறார். அந்தச் சித்தப்பா மகன்தான் எதிராளி.

எதிராளி சொல்லும் கதை வேறு. யாரும் தன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, ஆளில்லாமல் கிடந்த காணியில் 1990 ஆவணி தொடக்கம் தன் சொந்தக் காணியாகவே இருந்து வருகிறேன் என்கிறார். தென்னை வைத்தார், கிணறு வெட்டினார், வேலி அடைத்தார். 2009 தை மாதத்தில் ஊரோடு சேர்ந்து அவரும் இடம்பெயர்ந்து மாத்தளன் பக்கம் போய், பிறகு மெனிக் பாம் முகாமில் இருந்து, 2011இல் மீள்குடியேறினார். 2013இல் அந்தக் காணியில் அவருக்கு வீட்டுத்திட்ட வீடும் கிடைத்தது. கிராம சேவகர் கொடுத்த வதிவிடக் கடிதத்தை வைத்தே வீட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறார்.

வழக்காளி 2015இல் திரும்பி வந்தார். எழும்பச் சொன்னதற்கு எதிராளி மறுத்தார். இணக்கசபையில் பேசியும் சரிவரவில்லை.

இந்த வழக்கின் உயிர் ஒரு கடிதத்தில் இருக்கிறது. வ3 என்று அடையாளமிடப்பட்ட அந்தக் கடிதம் 1994இல் எதிராளி எழுதி, கடல்வழி போன ஒருவர் கையில் கொடுத்துவிட்டது. அதன் முக்கிய வரிகள்: “அக்கா, காணி பத்திரமா இருக்கு. நீங்கள் சொன்னபடி கிணறு வெட்டியாச்சு. காசு நான்தான் போட்டனான், வாற நேரம் கணக்குப் பாப்பம்.”

எழுவினாக்கள்

இரு தரப்பும் பதினொரு எழுவினா எழுப்பின. உனக்கு நான்கு போதும்.

1. 1986 உறுதியின் மூலம் காணி வழக்காளிக்கு உரித்தானதா?
2. எதிராளி காணிக்குள் வந்தது அனுமதி பெற்றவராகவா, உரிமை கோருபவராகவா?
3. ஆட்சியுரிமைக் கட்டளைச்சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, பத்து வருட எதிரிடையான ஆட்சியால் எதிராளிக்கு உரித்து வந்துவிட்டதா?
4. வழக்காளி வென்றால், வீட்டுக்கும் கிணற்றுக்கும் எதிராளிக்கு நட்டஈடு உண்டா?

ஒப்புக்கொண்ட விடயங்கள் இரண்டு: காணி இன்னதுதான் என்பது, இப்போது எதிராளியே அதில் இருக்கிறார் என்பது. காணியின் அடையாளம் ஒப்புக்கொள்ளப்பட்டதால் அளவைப் படம் பற்றிய வாதம் எழவில்லை. நம் பக்கக் காணி வழக்குகளில் இது பெரிய அதிர்ஷ்டம்.

நியாயங்கள்

*உரித்து.* உரித்துமீட்பு வழக்கில் முதற்சுமை வழக்காளியின் தலையில்தான். எதிராளியின் பலவீனத்தைக் காட்டி வெல்ல முடியாது, தன் உரித்தைத் தானே நிரூபிக்க வேண்டும். இதற்கு நீதிபதி காட்டிய முன்தீர்ப்பு டி சில்வா எதிர் குணதிலக (1931, 32 என்.எல்.ஆர். 217). உரித்தை நிரூபித்துவிட்டால், எந்த உரிமையில் அங்கே இருக்கிறேன் என்று காட்டும் பொறுப்பு எதிராளிக்கு மாறுகிறது. அதற்கு தெய்வேந்திரன் எதிர் இராமநாதன் செட்டியார் (1986, 2 எஸ்.எல்.ஆர். 219).

மூல உறுதி இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. காணிப் பதிவகத்திலிருந்து எடுத்த உறுதிப்படுத்திய பிரதிதான் முன்வைக்கப்பட்டது. மூலம் தொலைந்தால் இரண்டாந்தரச் சான்று கொடுக்கச் சான்றுக் கட்டளைச்சட்டத்தின் 65ஆம் பிரிவு இடமளிக்கிறது. 68ஆம் பிரிவின்படி உறுதிக்குச் சாட்சிக் கையொப்பம் வைத்தவரை அழைக்கவில்லையே என்று எதிராளியின் சட்டத்தரணி தொகுப்புரையில் கேட்டார். நேரம் கடந்த கேள்வி அது. வழக்காளி தன் வழக்கை முடித்து ஆவணங்களை வாசித்தபோது ஆட்சேபம் எதுவும் வரவில்லை. ஆட்சேபிக்காத ஆவணம் சான்றாகிவிடும் என்பது இலங்கைத் துறைமுக அதிகாரசபை எதிர் யூகோலினியா வழக்கில் (1981, 1 எஸ்.எல்.ஆர். 18) சொல்லப்பட்ட நெறி. ஆகவே முதல் எழுவினா வழக்காளிக்குச் சாதகம்.

*அனுமதியா, உரிமையா.* தீர்ப்பின் கனமான பகுதி இதுதான், பரீட்சையில் கேட்கக்கூடியதும் இதுதான்.

எதிராளி முதலில் வ3 தன்னுடையதில்லை என்றார். குறுக்கு விசாரணையில், வீட்டுத்திட்டத்துக்கு அவர் கையால் எழுதிக்கொடுத்த விண்ணப்பத்தைக் காட்டியதும் கையொப்பம் தன்னுடையதுபோல இருக்கிறது என்று இறங்கினார். நீதிபதி சான்றுக் கட்டளைச்சட்டத்தின் 73ஆம் பிரிவின் கீழ் இரண்டு எழுத்தையும் தானே ஒப்பிட்டுப் பார்த்து, ஒரே ஆளின் எழுத்து என்று முடிவெடுத்தார்.

கடிதம் அவருடையதென்றால் “நீங்கள் சொன்னபடி” என்ற சொல்லும் அவருடையதுதான். வேறொருவர் சொன்னபடி கிணறு வெட்டுகிறவர் அந்தக் காணியை அவருடைய காணியாகவே பார்க்கிறார். அப்படியானால் எதிராளி அனுமதி பெற்று உள்ளே வந்தவர். அனுமதி கொடுத்தவருக்கு அப்போது உரித்து இல்லை என்று சொல்ல அதே சட்டத்தின் 116ஆம் பிரிவு அவரை விடாது.

அடுத்த படி: அனுமதியில் வந்தவர் பிறகு உரிமை கோருபவராக மாற முடியாதா? மாறலாம். ஆனால் மனசுக்குள் நினைத்தால் போதாது. இனி உன் காணியில்லை, என் காணி என்று உரித்தாளருக்குத் தெரியும்படி வெளிப்படையாக ஏதாவது செய்திருக்க வேண்டும். 1898ஆம் ஆண்டின் மடுவன்வல எதிர் எக்னெலிகொட தீர்ப்பு (3 என்.எல்.ஆர். 213) தொடக்கம் இன்றுவரை அசையாத நெறி இது. எதிராளி காட்டியதெல்லாம் தென்னையும் வேலியும்தான். காணியைப் பார்க்கிறவரும் தென்னை வைப்பார், வேலி அடைப்பார். முதல் வெளிப்படையான மறுப்பு 2015இல் எழும்ப மாட்டேன் என்றதுதான் என்று நீதிமன்றம் கண்டது. அதிலிருந்து வழக்குப் போட்ட நாள்வரை மூன்று வருடமும் இல்லை.

*ஆட்சியுரிமை.* இத்தோடு வழக்கு முடிந்துவிட்டது. இருந்தும் நீதிபதி, எதிராளி சொல்வதுபோல 1990 ஆவணியிலேயே எதிரிடையான ஆட்சி தொடங்கியது என்று வைத்துக்கொண்டாலும் அவர் வெல்ல மாட்டார் என்று இரண்டு வழியில் காட்டினார்.

ஒன்று, ஆட்சியுரிமைக் கட்டளைச்சட்டத்தின் 13ஆம் பிரிவு. உரிமை எழும் நேரத்தில் உரித்தாளர் கடல்கடந்து இருந்தால் பத்து வருடக் கணக்கு அவருக்கு எதிராக ஓடாது. வழக்காளி ஆனியில் போய்விட்டார், எதிராளியின் ஆட்சி ஆவணியில் தொடங்குகிறது. ஆட்சி எவ்வளவு முந்தித் தொடங்கியது என்று காட்ட எதிராளியே சொன்ன திகதி அவருக்கே எதிராகத் திரும்பியது. இந்தப் பாதுகாப்புக்கும் ஓர் எல்லை உண்டு: முப்பது வருட எதிரிடையான ஆட்சிக்கு முன்னால் எந்த இயலாமையும் நிற்காது. 1990 ஆவணியிலிருந்து 2018 பெப்ரவரிவரை இருபத்தேழரை வருடம். இன்னும் இரண்டரை வருடம் தாமதித்திருந்தால் இந்த வாதம் வழக்காளியைக் காப்பாற்றியிராது.

இரண்டு, 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (சிறப்பு ஏற்பாடுகள்) சட்டம். ஆயுதக் குழுவின் செயல்களால் நீதிமன்றம் போக முடியாமல் இருந்தவர்களுக்கு 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுகிறது இது. ஆனால் சட்டம் வந்து இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். சட்டம் 2016 ஏப்ரலில் வந்தது, வழக்கு 2018 பெப்ரவரியில் போடப்பட்டது, ஆகவே காலத்துக்குள் வருகிறது. வழக்காளி ஓடியது ஷெல்லுக்கும் குண்டுக்கும் பயந்து, அது ஆயுதக் குழுவின் செயல் இல்லையே என்று எதிராளி வாதிட்டார். கெட்டிக்கார வாதம். நீதிபதி கேட்டது, ஏன் ஓடினார் என்பதை அல்ல, ஏன் வழக்குப் போட முடியவில்லை என்பதை. முல்லைத்தீவு புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த காலத்தில் அரசின் நீதிமன்றம் அங்கே இயங்கவில்லை. அது போதும் என்றார். 2009 மே 18க்குப் பிறகு எண்ணினால் ஒன்பது வருடமும் நிறையவில்லை.

என் கருத்தில் இந்த இரண்டும் மாற்று நியாயங்கள். தீர்ப்பின் அடிப்படை நியாயம் வ3உம் அனுமதியும்தான். பதிலில் அப்படியே பிரித்து எழுது.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். 2009 தொடக்கம் 2011வரை எதிராளியே காணியில் இல்லை. இது 3ஆம் பிரிவு கேட்கும் இடையறாத ஆட்சியை முறிக்குமா, பலவந்த இடப்பெயர்வில் திரும்பி வரும் எண்ணம் இருந்தால் முறியாதா? வன்னியில் ஆயிரம் காணிக்குப் பொருந்தும் கேள்வி இது. நீதிபதி தீர்மானிக்கத் தேவையில்லை என்று ஒரே பந்தியில் தாண்டிவிட்டார்.

*நட்டஈடு.* உரோமன்-டச்சுச் சட்டத்தில் நல்லெண்ணத்தோடு ஆட்சி செய்தவருக்குப் பயனுள்ள மேம்பாடுகளுக்கு நட்டஈடு உண்டு, அது கிடைக்கும்வரை காணியை வைத்திருக்கவும் உரிமை உண்டு. எதிராளிக்குக் காணி யாருடையது என்று தெரியும். ஆகவே வீட்டுக்கு ஒன்றுமில்லை. கிணறு வேறு. அது உரித்தாளர் சொல்லி வெட்டியது, கணக்குப் பார்ப்போம் என்ற ஏற்பாடும் இருந்தது. எதிராளியைத் தோற்கடித்த அதே கடிதம்தான் அவருக்குக் கிணற்றுக் காசையும் வாங்கிக்கொடுத்தது. மதிப்பீட்டாளர் சொன்ன 95,000 ரூபாவை இரு தரப்பும் மறுக்கவில்லை.

தீர்ப்பு

காணி வழக்காளிக்கு உரித்தானது என்று வெளிப்படுத்தப்பட்டது. எதிராளியையும் அவர் கீழ் இருப்பவர்களையும் வெளியேற்றக் கட்டளை. வழக்காளி 95,000 ரூபாவை நீதிமன்றத்தில் வைப்பிலிட்ட பிறகே எழுத்தாணை வழங்கப்படும். நட்டத்துக்காக வழக்காளி கேட்ட மாதாந்தத் தொகை நிரூபிக்கப்படவில்லை என்று மறுக்கப்பட்டது. இரு தரப்பும் உறவினர் என்பதால் செலவுத்தொகைக் கட்டளை இல்லை.

மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பு வேறு எந்த நீதிமன்றத்தையும் கட்டுப்படுத்தாது. பதிலில் இதை அதிகாரமாகக் காட்டாதே, மேலே சொன்ன முன்தீர்ப்புகளைக் காட்டு. எதிராளி 14 நாளுக்குள் மேன்முறையீட்டு அறிவித்தல் கொடுத்தார், 60 நாளுக்குள் கொடுக்க வேண்டிய மனுவைக் கொடுக்கவில்லை.