பெரியம்மாவின் மதுரை டிக்கெட், தமிழில்

பெரியம்மா, நீங்கள் அனுப்பிய டிக்கெட் படம் வந்தது. வரிக்கு வரி தமிழில் கீழே எழுதியிருக்கிறேன். ஸ்டேஷன் குறி, பெட்டி, பெர்த் எண் எல்லாவற்றையும் தாளில் உள்ளபடியே விட்டிருக்கிறேன். பெட்டியின் மீதும் பெர்த் பக்கத்திலும் நீங்கள் தேடப்போவது அதே எழுத்துகளைத்தான்.

மின்னணு முன்பதிவுச் சீட்டு
பதிவு செய்த இடம்: சென்னை எழும்பூர் (MS)
ஏறும் இடம்: தாம்பரம் (TBM)
இறங்கும் இடம்: மதுரை சந்திப்பு (MDU)
வண்டி: 12637 / பாண்டியன் எக்ஸ்பிரஸ்
வகுப்பு: ஸ்லீப்பர் (SL)
ஒதுக்கீடு: பொது (GN)
பயண நாள்: 13-12-2024, வெள்ளி
புறப்பாடு*: 22:08
பயணி 1: பெண், வயது 63, CNF / S5 / 20 / LB
பயணி 2: ஆண், வயது 67, CNF / S5 / 23 / SL

CNF என்றால் இடம் உறுதி. LB கீழ் பெர்த், அது உங்களுக்கு. பெரியப்பாவுடையது SL, அதாவது சைடு லோயர்: ஜன்னல் ஓரமாக, நடைபாதையை ஒட்டிய கீழ் பெர்த். வகுப்பு வரியிலும் இதே SL வருகிறது பாருங்கள். அங்கே அதற்கு ஸ்லீப்பர் வகுப்பு என்று அர்த்தம். ஒரே எழுத்து, இரண்டு வேலை. படத்தில் இரண்டையும் பார்த்து நானே ஒரு நிமிடம் குழம்பினேன். உங்கள் இரண்டு பெர்த்தும் ஒரே தடுப்பில்தான், எதிரெதிரே பேசிக்கொண்டு போகலாம்.

MS என்று இருப்பதைப் பார்த்து எழும்பூருக்குப் போய்விடாதீர்கள். தம்பி ஏறும் இடத்தைத் தாம்பரம் என்று போட்டிருக்கிறான், 22:08 தாம்பரத்து நேரம். பக்கத்து வீட்டு மாமா "MAS-ஆ?" என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுங்கள், அது சென்ட்ரல். புறப்பாட்டுக்குப் பக்கத்தில் உள்ள நட்சத்திரக் குறி, நேரம் மாறலாம் என்பதற்கு. கிளம்பும் முன் ஒரு தடவை தம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

S5-இல் உள்ள முதல் எழுத்து படத்தில் கொஞ்சம் மங்கல். இரண்டு பயணிகளின் வரியையும் ஒப்பிட்டுப் பார்த்தேன், S தான். மேல் மூலை மடிந்திருப்பதால் PNR-இன் கடைசி மூன்று எண்கள் தெரியவில்லை. ஊகித்து எழுத எனக்கு மனமில்லை. தாளை விரித்து வைத்து அந்த ஓரத்தை மட்டும் இன்னொரு படம் எடுத்து அனுப்புங்கள். கட்டணமும் அந்த மடிப்புக்குள்தான் இருக்கிறது, அது பரவாயில்லை.

அடியில் பொடி எழுத்தில் இருக்கும் RLWL, PQWL எல்லாம் காத்திருப்புப் பட்டியல் வகைகள், உங்களுக்குத் தேவையில்லை. தேவையான ஒரே வரி: "பயணத்தின்போது அசல் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும்." ஜெராக்ஸ் ஆகாது, ஆதார் அட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், வண்டி ஏறும்போதே மணி பத்தைத் தாண்டியிருக்கும். பத்திலிருந்து காலை ஆறு வரை தூங்கும் நேரம் என்பது ரயில்வே விதி, அதனால் யாராவது 20-இல் உட்கார்ந்திருந்தால் தயங்காமல் எழுப்புங்கள்.