கல்முனைக் கடையின் பகுதிவாரி வியாபார, இலாபநட்டக் கணக்கு: 2025 மார்ச் 31இல் முடிந்த ஆண்டு

பங்காளர்கள் மூவரின் பார்வைக்கு. தொகைகள் எல்லாம் ரூபாயில். அடைப்புக்குள் இருப்பவை கழிவு அல்லது நட்டம்.

| விபரம் | புடவை | மின்சாதனம் | பாத்திரம் | மொத்தம் |
|---|---|---|---|---|
| விற்பனை | 18,000,000 | 15,000,000 | 7,000,000 | 40,000,000 |
| ஆரம்ப இருப்பு | 4,200,000 | 3,100,000 | 1,900,000 | 9,200,000 |
| கொள்வனவு (ஏற்றுகூலியுடன்) | 13,350,000 | 12,840,000 | 5,360,000 | 31,550,000 |
| பகுதிக்குப் பகுதி மாற்றம் | – | 60,000 | (60,000) | – |
| இறுதி இருப்பு | (4,050,000) | (2,950,000) | (1,740,000) | (8,740,000) |
| விற்பனைக் கிரயம் | 13,500,000 | 13,050,000 | 5,460,000 | 32,010,000 |
| மொத்த இலாபம் | 4,500,000 | 1,950,000 | 1,540,000 | 7,990,000 |
| ஊழியர் சம்பளம் | 1,680,000 | 840,000 | 780,000 | 3,300,000 |
| வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்த செலவு | – | 126,000 | – | 126,000 |
| விளம்பரம் | 90,000 | 75,000 | 35,000 | 200,000 |
| வாடகை | 720,000 | 360,000 | 360,000 | 1,440,000 |
| மின்சாரம் | 302,400 | 388,800 | 172,800 | 864,000 |
| முகாமையாளர் சம்பளம் | 517,500 | 310,500 | 207,000 | 1,035,000 |
| தேறிய இலாபம் / (நட்டம்) | 1,190,100 | (150,300) | (14,800) | 1,025,000 |

பொதுச் செலவுகளைப் பங்கிட்ட விதம்

போன ஆண்டு வரை எல்லாப் பொதுச் செலவையும் விற்பனை விகிதத்தில் பிரித்து வந்தோம். எழுதுவதற்கு லேசான வழி, ஆனால் நியாயமான வழி இல்லை. வாடகை விற்பனையைப் பார்த்துக் கூடுவதில்லை. ஒரு பிரிட்ஜை விற்றால் மின்கட்டணம் ஏறுவதும் இல்லை. அதனால் இம்முறை ஒவ்வொரு செலவையும் அது எதனால் உண்டாகிறதோ அதன்படி பிரித்திருக்கிறேன். விளம்பரம் மட்டும் பழையபடி விற்பனை விகிதத்திலேயே இருக்கிறது. துண்டுப்பிரசுரத்தில் மூன்று பகுதியும் சேர்ந்தே வருவதால் வேறு அடிப்படை தெரியவில்லை.

வாடகைக்கு இட அளவுதான் அடிப்படை. ஆனால் சதுர அடியை அப்படியே எடுத்தால் பிழைத்துவிடும். புடவைக்குக் கீழ்த்தளத்தின் முன்பக்கத்தில் 1,200 சதுர அடி, மின்சாதனத்துக்குப் பின்பக்கத்தில் 600. பாத்திரம் மேல்மாடியில், அதற்கும் 1,200. மாடியேறி வருகிற ஆட்கள் குறைவு, இடத்தின் பெறுமதியும் குறைவு. வாடகை உடன்படிக்கையிலேயே கீழ்த்தளத்துக்கு மாதம் 90,000, மேல்மாடிக்கு 30,000 என்று தனித்தனியாக இருக்கிறது. கணக்குப் பார்த்தால் கீழே சதுர அடிக்கு 50 ரூபாய், மேலே 25. அதையே பின்பற்றினேன். படிக்கட்டையும் நடைபாதையையும் யார் தலையிலும் தனியாகப் போடவில்லை.

மின்சாரத்துக்கு இந்த ஆண்டு ஊகம் தேவைப்படவில்லை. 2024 மார்ச் முடிவில் பொருத்திய மூன்று உபமானிகளும் நன்றாகவே வேலை செய்கின்றன. ஆண்டு முழுவதற்கும் புடவை 6,300 அலகு, மின்சாதனம் 8,100, பாத்திரம் 3,600, மொத்தம் 18,000. பெயர்ப்பலகை விளக்கும் தண்ணீர் மோட்டாரும் உபமானிக்கு வெளியே இருப்பதால், முழுப் பட்டியலையும் இதே விகிதத்தில், அதாவது 35, 45, 20 வீதமாகப் பிரித்தேன். இடமோ மின்சாதனத்துக்குத்தான் ஆகக் குறைவு. காட்சிக்கு வைத்த தொலைக்காட்சிகள் காலையிலிருந்து கடை பூட்டும்வரை ஓடுகின்றன. இட அளவை மின்சாரத்துக்கும் எடுத்திருந்தால் இது தெரியாமலே போயிருக்கும்.

முகாமையாளர் சம்பளம் மாதம் 75,000. அதோடு ஊழியர் சேமலாப நிதிக்கு நாங்கள் கட்டும் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் சேர்த்தால் ஆண்டுக்கு 1,035,000. இதை அவர் செலவழித்த நேரத்தால் பிரித்தேன். சாதாரண வாரம் ஒன்று, பெருநாளுக்கு முந்திய வாரம் ஒன்று என 120 மணித்தியாலத்துக்குக் கொப்பி எழுதச் சொன்னேன். அலுப்புப்படாமல் எழுதித் தந்தார். ‘10.40–12.15 புடவை, சேலைப் பார்சல் பிரித்து விலை ஒட்டியது’, ‘3.00–4.30 மின், வொஷிங் மெசின் திருப்பிக் கொண்டுவந்தவரோடு கதைத்தது’ என்று வரிவரியாக இருக்கிறது. கூட்டிப் பார்த்தால் புடவை 60 மணி, மின்சாதனம் 36, பாத்திரம் 24. இரண்டு வாரம் போதாதுதான். வருகிற ஆண்டு ஆறு வாரம் எடுப்போம்.

இருப்பும் மாற்றமும்

மார்ச் 31 நோன்புப் பெருநாள், கடை பூட்டு. ஆகவே ஏப்ரல் 1 காலை கடை திறக்குமுன் எண்ணினோம். இடையில் விற்பனை இல்லாததால் திருத்தம் எதுவும் தேவைப்படவில்லை. இருப்பைக் கொள்விலை அல்லது தேறக்கூடிய தேறிய பெறுமதி, இவற்றில் குறைந்ததில் எடுத்திருக்கிறோம். கண்ணாடி அலுமாரியில் வெயில் பட்டு மடிப்போடு நிறம் மங்கிய சேலைகளுக்கு 85,000 குறைத்த பிறகுதான் புடவை இருப்பு 4,050,000.

ரைஸ் குக்கர் வாங்குவோருக்கு இலவசமாகக் கொடுத்த சட்டிகள் பாத்திரப் பகுதியிலிருந்து போனவை. அதுதான் அந்த 60,000. கொள்விலையில் மாற்றியிருக்கிறேன், இலாபம் சேர்க்கவில்லை.

கணக்கு சொல்வது

பழைய முறையில் எழுதியிருந்தால் புடவை 1,227,450 இலாபம், மின்சாதனம் 343,125 நட்டம், பாத்திரம் 140,675 இலாபம் என்று வந்திருக்கும். மொத்தம் அதே 1,025,000தான். ஆனால் மின்சாதனத்தின் நட்டத்தில் பாதிக்கு மேல் அதனுடையதல்ல. பாத்திரப் பகுதி இத்தனை காலமும் மற்றவர்களின் செலவில் இடம் பிடித்திருந்தது.

மின்சாதனத்தை மூடிவிடலாம் என்று இளைய பங்காளர் இரண்டு தடவை கேட்டார். அவர் பயப்படுவது எனக்கு விளங்குகிறது, ஆனால் மூடக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து. அந்தப் பகுதியின் மொத்த இலாபத்தில் அதன் ஊழியர் சம்பளத்தையும் கொண்டுபோய்க் கொடுத்த செலவையும் கழித்தால் 984,000 மிஞ்சுகிறது. மூடினால் மின்சாரத்தில் 388,800 மிச்சமாகும், அவ்வளவுதான். வாடகை குறையாது, முகாமையாளர் சம்பளம் குறையாது, துண்டுப்பிரசுரச் செலவும் அதேதான். ஆக 595,200 கையை விட்டுப் போகும். கடையின் இலாபம் 429,800க்கு இறங்கும். பிரிட்ஜ் பார்க்க வந்து சேலையும் வாங்கிப் போகிறவர்களை இதில் சேர்க்கவே இல்லை.

நவம்பர் கடைசியில் வெள்ளத்தில் வீதிகள் அடைபட்ட நாட்களில் மின்சாதனத்தில் பில் போட்டதே அரிது. பெரும்போக அறுவடைக் காசு கைக்கு வந்த பிறகுதான் விற்பனை நிமிர்ந்தது. ஒரு ஆண்டை வைத்துத் தீர்ப்புச் சொல்லவேண்டாம்.

புடவையின் இலாபத்தையும் அப்படியே நம்பிவிடக்கூடாது. இந்தக் கணக்காண்டுக்குள் 2024 ஏப்ரல் நோன்புப் பெருநாளின் கடைசி நாட்கள், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, தைப்பொங்கல், பிறகு 2025 மார்ச் நோன்புப் பெருநாள் முழுவதும் விழுந்திருக்கின்றன. அடுத்த ஆண்டில் நோன்புப் பெருநாள் ஒன்றுதான் வரும்.

உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. காட்சித் தொலைக்காட்சிகளில் இரண்டை மட்டும் ஓடவிட்டு, மற்றவற்றை ஆள் கேட்டால் போட்டுக் காட்டலாம். ஏப்ரல் வாசிப்பை மே 1 காலை எடுத்து, அலகு எவ்வளவு இறங்கியது என்று மூவருக்கும் எழுதித் தருகிறேன்.

கணக்காளர்
கல்முனை, 2025 ஏப்ரல் 21