ஜூன் மடலிலிருந்து ஒரு வாரத் துணுக்குகள்: மூல ஆவணம்

இந்த ஆவணம் நம் குளப் பாதுகாப்புக் குழுவின் ஜூன் மடலில் இருந்து எடுத்த ஏழு துணுக்குகளையும், அவை எந்நாளில் எந்நேரத்தில் எங்கே வெளியாக வேண்டும் என்பதையும் ஒரே இடத்தில் வைத்திருக்கிறது. வாட்ஸ்அப் குழு, முகநூல், இன்ஸ்டாகிராம், எக்ஸ் ஆகிய நான்கிற்கும் இதிலிருந்தே நகலெடுக்க வேண்டும். பிழை கண்டால் முதலில் இங்கே திருத்திவிட்டுப் பிறகே அந்தந்தத் தளத்தில் திருத்துங்கள்.

இதை வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. சென்ற ஆண்டு ஒரு குளநடைக்கான நேரத்தைக் காலை 6 மணியில் இருந்து 7 மணிக்கு மாற்றியபோது முகநூலில் மட்டும் திருத்திவிட்டு, வாட்ஸ்அப் துணுக்கை நான் மறந்துவிட்டேன். மேலப்பாளையத்தில் இருந்து வந்த நான்கு அக்காமார் குளத்தங்கரையில் ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். அவர்கள் ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

மடலில் இல்லாத எதுவும் துணுக்கில் இருக்கக் கூடாது. சுருக்கலாம், வரிசை மாற்றலாம். புதிதாக ஓர் எண்ணையோ பெயரையோ சேர்ப்பதாக இருந்தால் அது முதலில் மடலுக்குள் போகட்டும்.

ஜூன் 8, திங்கள், காலை 7.00. நான்கு தளங்களிலும். மடலின் முதல் பக்கம்.

> பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலில் சேரும் வரை தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். உங்கள் வயலுக்கோ ஊர்க்குளத்துக்கோ தண்ணீர் தருவது இவற்றில் எது?

பெயர்கள் ஆற்றின் போக்கில், மேலிருந்து கீழாக அமைந்துள்ளன; அகரவரிசைக்கு மாற்ற வேண்டாம். இன்ஸ்டாகிராமில் ஓர் அணைக்கட்டுக்கு ஒரு படமாக எட்டுப் படங்களை ஒரே பதிவில் அடுக்குங்கள். எக்ஸ் தளத்துக்கு மட்டும் பெயர்ப் பட்டியலைப் படமாக்கிவிட்டு, முதல் வரியையும் கடைசிக் கேள்வியையும் எழுத்தாக விடுங்கள். அங்குள்ள 280 என்ற வரம்பு நாம் எண்ணும் எழுத்துக் கணக்கில் வருவதில்லை. மெய்யின் புள்ளியும் துணைக்கால் முதலிய குறிகளும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. 'கால்வாய்' நம் கண்ணுக்கு நான்கு எழுத்து, அத்தளத்துக்கு எட்டு. ஆகவே தமிழ்ப் பதிவைக் கண்ணால் அளக்காமல், பதிவுப் பெட்டியில் ஒட்டிப் பார்த்த பிறகே நேரம் குறியுங்கள்.

ஜூன் 9, செவ்வாய், மாலை 6.30. முகநூல், வாட்ஸ்அப். இரண்டாம் பக்கம்.

> சுத்தமல்லி அணைக்கட்டில் பிரியும் திருநெல்வேலிக் கால்வாய்தான் டவுனில் உள்ள நயினார்குளத்தை நிரப்புகிறது. பழவூர் அணைக்கட்டில் பிரியும் பாளையங்கால்வாய் மேலப்பாளையம், பாளையங்கோட்டைப் பக்கத்துக் குளங்களுக்குப் போகிறது. வீட்டு வாசலில் ஓடும் கால்வாயில் நாம் போடும் ஒரு பாலிதீன் பை எந்தக் குளத்தில் போய்ச் சேரும் என்று இனி யாரும் கேட்க வேண்டியதில்லை.

ஜூன் 10, புதன், காலை 7.00. முகநூல், எக்ஸ். மூன்றாம் பக்கம்.

> பாபநாசம் அணையின் உயரம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. உயரத்தில் முந்தும் சேர்வலாறுதான் கொள்ளளவில் மற்ற இரண்டையும்விடச் சிறியது. நீர்மட்டச் செய்தியைப் படிக்கும்போது அடிக்கணக்கோடு கொள்ளளவையும் சேர்த்துப் பாருங்கள்.

இதில் அன்றைய நீர்மட்டத்தை நான் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. ஞாயிறு இரவு நேரம் குறித்துவைத்த ஓர் எண் புதன் காலை வெளியாகும்போது பழையதாகிவிடும். கார் சாகுபடிக்கு நாற்றங்கால் போடக் காத்திருக்கும் ஒருவர் அதை இன்றைய செய்தியாக எடுத்துக்கொண்டால் பழி நம்மைச் சேரும். அணை திறப்பு, மழை, நீர்மட்டம் ஆகியவற்றை அன்றன்று கையால் இடுவோம். உயரம், பெயர், வழி போன்று மாறாதவற்றை மட்டுமே முன்கூட்டி ஏற்றலாம்.

ஜூன் 11, வியாழன், மாலை 6.30. இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப். மூன்றாம் பக்கப் படம்.

> மே 24 அன்று நயினார்குளத்தில் அமலைச்செடி அகற்றிய 32 பேருக்கும் நன்றி. கரையில் குவிந்ததைப் படத்தில் பாருங்கள்.

படவிளக்கம்: குளக்கரையில் ஆள் உயரத்துக்குக் குவிந்த அமலைச்செடி, அதன் பக்கத்தில் சேறு படிந்த கையுறைகள் வரிசையாகக் காய்கின்றன. முகம் தெரியும் படங்களைத் தவிர்த்துவிட்டேன். சிறுவர்களின் வீட்டாரிடம் ஒப்புதல் வாங்கிய பிறகு அவற்றைப் பார்க்கலாம்.

ஜூன் 12, வெள்ளி, காலை 7.00. நான்கு தளங்களிலும். நான்காம் பக்கச் சொற்கட்டம்.

> மடை: குளத்து நீர் வயலுக்குப் போகும் வாய். மதகு: அந்நீரைத் திறந்து மூடும் அமைப்பு. மறுகால்: குளம் நிறைந்தபின் மிகுதி நீர் வழிந்து அடுத்த குளத்துக்குப் போகும் இடம். உங்கள் ஊரில் இவற்றுக்கு வேறு பெயர் உண்டா? எழுதுங்கள்.

வரும் மறுமொழிகளைத் தளத்திலேயே விட்டுவிடாமல், ஊர்ப்பெயரோடு இந்த ஆவணத்தின் அடியில் சேருங்கள். ஜூலை மடலின் சொற்கட்டம் அவற்றில் இருந்தே உருவாகும்.

ஜூன் 13, சனி, காலை 9.00. முகநூல், வாட்ஸ்அப். நான்காம் பக்க நேர்காணல்.

> "மறுகால் பாயுற சத்தம் ராத்திரி வீட்டுக்குள்ள கேட்டாத்தான் எங்க அப்பாவுக்குத் தூக்கம் வரும். இப்ப அந்தச் சத்தத்துக்கும் வீட்டுக்கும் நடுவுல எத்தனை சுவரு வந்துட்டு பாத்தியளா." நாற்பது ஆண்டுகளாக மடை பார்த்து வரும் அண்ணாச்சி ஒருவர், சேரன்மகாதேவிப் பக்கம்.

அண்ணாச்சி பெயர் வேண்டாம் என்றார். ஊர்ப்பெயரையும் இதற்குமேல் துல்லியமாக்க வேண்டாம். அவர் பேச்சை எழுத்துத் தமிழுக்குத் திருத்தாதீர்கள். "வந்துட்டு" என்பது எழுத்துப்பிழை அன்று, நம் ஊர்ப் பேச்சு. ஒரு மணி நேரம் பேசியதில் மடலுக்குள் வந்தது முக்கால் பக்கம், துணுக்குக்குள் வந்தது இரண்டு வரி. அந்த இரண்டு வரியைத் தேர்வதற்குத்தான் இந்த ஆவணத்தில் எனக்கு அதிக நேரம் பிடித்தது. மதகுப் பலகை பற்றி அவர் சொன்ன விவரம் இன்னும் அருமையானது. ஆனால் முன்னும் பின்னும் இல்லாமல் அது புரியாது என்பதால் மடலிலேயே விட்டுவைத்தேன்.

ஜூன் 14, ஞாயிறு, மாலை 5.00. நான்கு தளங்களிலும். கடைசிப் பக்க அறிவிப்பு.

> ஜூன் 21, ஞாயிறு காலை 6.30 மணிக்கு நயினார்குளத்தைச் சுற்றி நடக்கிறோம். தொப்பியும் தண்ணீர்ப் பாட்டிலும் கொண்டு வாருங்கள். குழந்தைகளை அழைத்து வரலாம். முழு மடலும் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறது.

இன்ஸ்டாகிராம் பதிவின் எழுத்தில் இடும் இணைப்பை அழுத்தித் திறக்க முடியாது. அதனால்தான் மடல் குழுவில் இருப்பதாக எழுதியிருக்கிறேன். முகநூலுக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் மெட்டா பிசினஸ் சூட்டில் நேரம் குறித்துவிடலாம். வாட்ஸ்அப் குழுவுக்கு அன்றன்று ஒருவர் கையால் அனுப்ப வேண்டும். திங்கள் முதல் வியாழன் வரை நான் பார்த்துக்கொள்கிறேன், வெள்ளி முதல் ஞாயிறு வரை தம்பி பொறுப்பு.

நடை நேரம் மாறினால் திருத்த வேண்டியவை இந்தத் துணுக்கும் மடலின் கடைசிப் பக்கமும். ஜூன் 20 இரவு 8 மணிக்கு நான்கு தளங்களையும் ஒருமுறை திறந்து, 6.30 என்ற நேரம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று தம்பி பார்த்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதவும்.