கிராஞ்சிப் பயணம்: வழிச் சந்திப்புப் பட்டியல்

தம்பி, சனிக்கிழமை நான் ரிசர்விஸ்ட் முகாமில் இருப்பேன். மேசையில் பகடை உருட்டிக் கதையாக ஆடும் நம் ஆட்டத்தை நீதான் நடத்த வேண்டும். காட்டு வழிக்கான பட்டியலை எழுதி முடித்துவிட்டேன். முதலில் மேலே 'என்கவுன்டர் பட்டியல்' என்றுதான் போட்டிருந்தேன். மேசையில் கிடந்த தாளை அம்மா பார்த்துவிட்டு, "யாரைடா சுடப்போறீங்க?" என்றார். அதனால் 'சந்திப்பு' என்று மாற்றிவிட்டேன்.

போன கதையில் வெளிநாட்டுப் புத்தகத்துப் பட்டியலை அப்படியே எடுத்தேன். மூன்று தடவை வரிசையாக ஓநாய் விழுந்தது. மூன்றாவது ஓநாய்க்கு உன் அக்கா போனை எடுத்துவிட்டாள். அன்றைக்கே முடிவு செய்தேன்: பகடை யாரைக் கொண்டுவந்தாலும், நம் ஆட்கள் போய்ச் சேருவதற்கு முன்பே அவர் ஏதோ ஒரு காரியத்தின் நடுவில் இருக்க வேண்டும். சண்டை போடக் காத்து நிற்கிறவர்கள் இந்தப் பட்டியலில் இல்லை.

நிலவரம்

1848, சிங்கப்பூர். நாலு பேரும் ரோச்சோரில் கிளம்பி, கூட வரும் பெரியவரின் மகன் கிராஞ்சி ஆற்றோரம் காணாமல்போனதால் அவனைத் தேடிப் போகிறார்கள். சாலை மூன்று வருஷத்துக்கு முன்பே கிராஞ்சிவரை போட்டாயிற்று. ஆனால் உன் அக்காவின் பாத்திரம் தப்பி வந்த கைதி. நெற்றியில் பச்சை குத்தியிருக்கிறது, தலைப்பாகை அதை மறைக்கிறது. சாலையில் போலீஸ்காரர்கள் நடமாட்டம் உண்டு. அதனால் புக்கிட் தீமா தாண்டியதும் காட்டுக்குள் இறங்குவார்கள். இன்றைக்கு எம்.ஆர்.டி.யில் தூங்கி எழுவதற்குள் வந்துவிடும் தூரம், இவர்களுக்கு மூன்று நாள்.

எப்போது உருட்டுவது

காலை, மாலை, இரவு என்று நாளுக்கு மூன்று தடவை ஒரு பகடை. சாலையில் 1 விழுந்தால் சந்திப்பு. கம்பீர் செடித் தோட்டத்தில் 1 அல்லது 2. காட்டில் 1 முதல் 3 வரை. மொத்தம் ஒன்பது தடவையில் நாலு காட்டில், மூன்று தோட்டத்தில், இரண்டு சாலையில் வரும். கணக்குப்படி மூன்று சந்திப்பு நடக்கும், அதிர்ஷ்டம் கெட்டால் ஐந்து. அதற்கு மேல் போனால் நிறுத்திவிடு, ஒன்பதரைக்கு எல்லாருக்கும் பசிக்கும்.

சந்திப்பு உண்டென்றால் இரண்டு பகடையை உருட்டிக் கூட்டு. 7 வர 36-ல் ஆறு வாய்ப்பு. 2-க்கும் 12-க்கும் ஒன்றே ஒன்று. அதனால்தான் திரும்பத் திரும்ப வந்தாலும் தாங்கக்கூடியதை நடுவில் வைத்தேன்.

புலிக் கணக்கு

புலி பட்டியலிலேயே இல்லை. தேடாதே. சில சந்திப்புகளில் 'புலி +1' என்று இருக்கும். தாளின் ஓரத்தில் அவர்கள் கண்ணில் படும்படி ஒரு கோடு போடு. எதற்கென்று சொல்லாதே. நாலு கோடு ஆனால், அடுத்த இரவு அது வரும். அதைக் கடைசியில் எழுதியிருக்கிறேன்.

7. சுமைகாரர்

முதல் தடவை: ஒற்றையடிப் பாதையோரம் ஒரு தியோச்சியுச் சீனக் கூலி குந்தியிருக்கிறார். காவடித் தண்டின் இரு முனையிலும் கூடை, உள்ளே வெட்டிய கம்பீர் கட்டிகள். (நம் தாத்தா வெற்றிலையோடு போட்டுக்கொண்ட காசுக்கட்டி இந்த வகைதான். மேசையில் சொல், உடனே வாசனை பிடிப்பார்கள்.) பாஷை புரியாது. நாலு பேரையும் விரலால் எண்ணுகிறார். பிறகு ஐந்து விரலைக் காட்டுகிறார். நீ அத்தோடு நிறுத்து. எல்லாரும் முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் தன்னையும் சேர்த்துத்தான் எண்ணினார், தனியாக நடக்கப் பயம். கூட்டிக்கொண்டு போனால் அடுத்த தோட்டம்வரை குறுக்குவழி காட்டுவார், பாதி நாள் மிச்சம்.

இரண்டாவது தடவை: அதே கூடைகள் பாதை நடுவில். தண்டு ஒழுங்காக மேலே சாத்தி வைத்திருக்கிறது. ஆள் இல்லை. முன்பு அவரைக் கூட்டிப்போக மறுத்திருந்தால் இந்த இடத்தில் மேசை அமைதியாகிவிடும், நீயும் பேசாமல் இரு. புலி +1.

மூன்றாவது தடவை: அவரே. உயிரோடு, வேறு சட்டை. இவர்களைத் தெரியாதது போல நடிக்கிறார். முதலாளி தௌக்கேயிடம் வாங்கிய கடன் அடையவில்லை, புலி தின்றதாக ஊர் நம்பட்டும் என்று கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தவர். ஜோகூர் கரைக்குப் போக வேண்டும். இரண்டாவது தடவை போட்ட கோட்டை அழித்துவிடு. அவர்களுக்கு அதுவே பெரிய துப்பு.

6. டுரியான் மரம்

பெரிய மரம், அடியில் பாய் விரித்து ஒரு மலாய்க் கிழவர். பழம் தானாக விழும்வரை காத்திருக்கிறார், இது மூன்றாம் ராத்திரி. மேலே குரங்குக் கூட்டமும் காத்திருக்கிறது. "சத்தம் போடாமல் உட்கார்" என்று கையைக் காட்டுகிறார். உட்கார்ந்தால் ஆளுக்கொரு சுளை, கிராஞ்சி பற்றி ஒரு உண்மைத் தகவல். பொறுமையில்லாமல் மரத்தை உலுக்கினால் ஒவ்வொருவரும் பகடை உருட்டட்டும். 1 விழுந்தவர் தலையில் பழம்.

8. சுமத்ரா

விடிவதற்கு முன் மேற்கே வானம் கறுத்து, அரை நிமிஷத்தில் சுமத்ராக் காற்று புரட்டிப்போடும். மழை ஒரு மணி நேரம். வெடிமருந்து நனையும். ஒதுங்க ஒரே ஒரு அத்தாப்புக் கொட்டகை. உள்ளே ஏற்கெனவே இரண்டு போலீஸ்காரர்கள், ஒருவருக்குக் காய்ச்சல். தலைப்பாகை சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது. "அவிழ்த்துப் பிழிந்துகொள்ளுங்களேன்" என்று மற்றவர் உபசரிக்கிறார். உன் அக்காவைப் பார், அவ்வளவுதான்.

5. லாலான் காடு

மண் செத்துப்போய்க் கைவிட்ட தோட்டம். இடுப்புயரப் புல், நடுவில் துருப்பிடித்த கம்பீர் காய்ச்சும் கொப்பரை. அதில் மழைத்தண்ணீர், தவளை. சுற்றுவட்டாரத்தில் மரமே இல்லை, எல்லாம் கொப்பரைக்கு விறகாகப் போனது. யாருமில்லை. ஆனால் கொப்பரைக்கு அடியில் சாம்பல் சூடாக இருக்கிறது. புல்லுக்குள் இரவு தங்கினால் புலி +1.

9. படகுக் குடும்பம்

அலையாத்திக்குள் ஓராங் சிலேத்தார் படகு ஒன்று. அதுவே வீடு: அடுப்பு, நாய், மூன்று குழந்தைகள். காசைக் கொடுத்தால் குழந்தையிடம் விளையாடக் கொடுத்துவிடுவார்கள். உப்பும் புகையிலையும் இருந்தால் பேசலாம், ஆற்றைக் கடத்திவிடுவார்கள். தண்ணீரோரம் இல்லாத இடத்தில் 9 விழுந்தால் மறுபடி உருட்டு.

4. மலைப்பாம்பு

பாதைக்குக் குறுக்கே கிடக்கிறது. நடுவில் வயிறு பூசணிபோலப் புடைத்து, தோல் விரிந்து செதில்களுக்கிடையே வெள்ளை தெரிகிறது. நகர முடியாது, யாரையும் ஒன்றும் செய்யாது. சுற்றிப் போகலாம். ஆனால் வாயோரம் ஒரு முழம் தேங்காய்நார்க் கயிறு நீட்டிக்கொண்டிருக்கிறது, நுனியில் நீலத்துணி முடிச்சு.

அவர்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போது புதருக்கு அப்பால் குரல்: "லெட்சுமி... ஏ லெட்சுமி... ப்பா, ப்பா..." தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், கையில் ஒரு கைப்பிடி இலை.

"அண்ணே, ஒரு வெள்ளாட்டக் கண்டீங்களா? கழுத்துல நீலத் துணி கட்டியிருக்கும்."

இதற்கு யார் பதில் சொல்வது என்பதுதான் சந்திப்பே. பெரியவர் சொல்ல வேண்டும் என்று எல்லாரும் பெரியவரைப் பார்ப்பார்கள் என்பது என் ஊகம். பாம்பைக் கிழிக்க முடிவு செய்தால் ஆட்டின் கழுத்தில் வெள்ளித் தாயத்து ஒன்று கிடைக்கும். பெரியவர் தன் மகனுக்குக் கட்டிவிட்டது. ஆட்டுக்காரர் அதை இரண்டு படி அரிசிக்கு வாங்கினார், பத்து நாளைக்கு முன், மெலிந்துபோன ஒரு பையனிடம். கிழிக்காவிட்டாலும் நல்லவிதமாகப் பேசினால் இதே தகவல் வரும். துப்பை ஒரே கதவுக்குப் பின்னால் பூட்டாதே.

10. சாலை வேலைக் கைதிகள்

பன்னிரண்டு பேர் கல் உடைக்கிறார்கள். மேற்பார்வை பார்ப்பவரும் கைதிதான், நன்னடத்தையால் உயர்ந்தவர். உன் அக்காவின் பாத்திரத்தை அடையாளம் தெரிந்துகொள்கிறார். காட்டிக்கொடுக்க மாட்டார். "ஊர்ல யாராச்சும் இருந்தா ஒரு கடுதாசி சேர்ப்பியா?" என்று மட்டும் கேட்பார். கடிதத்தை வாங்கினால் அது கதை முடியும்வரை பையில் இருக்கும்.

3. மூன்று கல்

ஆலமரத்தடியில் மஞ்சள்துணி சுற்றிய கெராமாட் சமாதி மேடு. பக்கத்திலேயே குங்குமம் வைத்த மூன்று கல், எலுமிச்சம்பழம். யாரோ இரண்டுக்கும் சேர்த்து ஒரே விளக்கு ஏற்றியிருக்கிறார்கள். எண்ணெய் தீரப்போகிறது. ஊற்றினால் ஒரு கோட்டை அழி.

11. ராத்திரிச் சவம்

தோட்டத்துக்குப் பின்னால் லாந்தர் வெளிச்சத்தில் அவசரமாகக் குழி தோண்டுகிறார்கள். பெட்டி ஆள் அளவு, ஆனால் இரண்டே பேர் சுலபமாகத் தூக்குகிறார்கள். புலி தின்ற செய்தி பரவினால் வேலைக்கு ஆள் வராது, அதனால் தௌக்கே மூடி மறைக்கிறார். வாயடைக்கப் பத்து வெள்ளி தருவார். வாங்கினாலும் வாங்காவிட்டாலும் புலி +2.

2. அம்மிக்கல்

எனக்குப் பிடித்தது, விழ வாய்ப்புக் குறைந்ததும் இதுதான். விறகுவெட்டிகள் முகாமில் ஒரு தமிழ்ச் சமையல்காரர் மிளகாய் அரைக்கிறார். சாப்பிட அழைக்கிறார், சோறும் கருவாட்டுக் குழம்பும். அரைத்து முடித்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவும்போது கல்லில் எழுத்துகள் தெரிகின்றன, தேய்ந்த வட்ட வட்ட எழுத்து, மஞ்சள் ஏறிப்போயிருக்கிறது. ஐந்து வருஷத்துக்கு முன் சிங்கப்பூர் ஆற்று முகத்தில் வெடிவைத்துத் தகர்த்த பாறையின் துண்டு. (1843, இது நிஜம். மிஞ்சிய துண்டை மியூசியத்தில் பார்த்திருப்பாய். அந்த எழுத்தை இன்றுவரை யாரும் முழுதாகப் படித்ததில்லை, நீயும் அர்த்தம் சொல்லிவிடாதே.) "நல்லா அரையும்" என்பார். விலைக்குக் கேட்டால், "அப்புறம் நான் எதுல அரைக்க?" அவருக்கு வேறு கல் கொண்டுவந்து கொடுத்தால் தந்துவிடுவார். தூக்கிச் சுமக்க ஒருவர் இரண்டு கையும் வேண்டும்.

12. குழி

புலிக்கு வெட்டிய குழி, மேலே பரப்பிய இலை சரிந்திருக்கிறது. உள்ளே பூனையைவிடச் சற்றுப் பெரிய குட்டி, பசியில் முனகுகிறது. கணக்கை நேராக நாலாக்கு. குட்டியைத் தூக்கி வெளியே விட்டுவிட்டு நடந்தால் மட்டும் சுழியம்.

நாலாவது கோடு

பகடை வேண்டாம். விளக்கைக் கொஞ்சம் குறை. பூச்சிச் சத்தம் நின்றுவிட்டது என்று சொல், அவ்வளவே. பிறகு வரிசையில் கடைசியாக நடப்பவர் யார், அல்லது நெருப்புக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பவர் யார் என்று கேள். புலி பின்னாலிருந்து வரும். அவர் பெயரை யாராவது உடனே கத்திக் கூப்பிட்டால் தோளில் காயத்தோடு தப்புவார். யார் முதலில் சொல்வது என்று ஒருவரையொருவர் பார்த்தால், இழுத்துக்கொண்டு போகும். தேடிப் போக விடியும்வரை நேரம் உண்டு.

பகடை இரண்டும் சமையலறை இழுப்பறையில், பேட்டரிக்குப் பக்கத்தில். சிவப்புப் பகடையில் 4 அதிகம் விழுகிற மாதிரி இருக்கிறது, மாற்றிக்கொள்.